நூற்று முப்பத்தேழு பேர்

சிட்லப்பாக்கம் குறிஞ்சி அடுக்ககத்தில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், நான்கு பிளாக்குகள், மூன்று மின்தூக்கிகள், ஒரு சமுதாயக் கூடம், ஒரு செயலாளர். இவற்றில் மின்தூக்கிகள் எப்போதாவது வேலை செய்யாமல் நிற்கும். செயலாளர் சடகோபன் அப்படி நின்றதாகச் சரித்திரம் இல்லை. நில அளவைத் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் சங்கிலி பிடித்துவிட்டு ஓய்வு பெற்றவர். மாலை ஆறரைக்கு மோட்டார் அறைக்குப் பக்கத்திலுள்ள சங்க அலுவலகத்தைத் திறந்தால் எட்டு மணிவரை நாற்காலியை விட்டு எழமாட்டார்.

பி பிளாக் இரண்டாவது மாடி ஏகாம்பரம் அவரைப் பார்க்கப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. போனது செவ்வாய்க்கிழமையானதால்தான் இத்தனையும் ஆயிற்று என்று அவர் மனைவி கோமளா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஏகாம்பரம் அதை ஒப்புக்கொள்வதில்லை. இருபத்தொன்பது ஆண்டு நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவருக்குச் செவ்வாயும் ஒன்றுதான், வெள்ளியும் ஒன்றுதான். திங்கள் காலை மட்டும் வேறு.

அவருடைய மகள் தேன்மொழிக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்புக்கு ஜோசியர் குறித்துக் கொடுத்த நாள் ஆனி மாதக் கடைசி ஞாயிறு. அதை விட்டால் ஆடி. ஆடியில் யாரும் வளையல் அடுக்கமாட்டார்கள். ஆவணி வருவதற்குள் குழந்தையே வந்து தன் வளைகாப்புப் பந்தியில் உட்கார்ந்துவிடும். வெளியே மண்டபம் பார்க்கலாம் என்றால், டாக்டரம்மா "ஆட்டோவே வேணாம், லிஃப்ட்ல இறங்கினா போதும், அதோட நிறுத்திக்கோங்க" என்று சொல்லியிருந்தாள். லிஃப்டில் இறங்கினால் போய்ச் சேரக்கூடிய மண்டபம் உலகத்திலேயே ஒன்றுதான். அதன் சாவி சடகோபன் மேஜையில், பிளாஸ்டிக் மீன் ஒன்றின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க ஏகாம்பரம்" என்றார் சடகோபன். "என்ன விஷயம்? தண்ணி வரலையா?"

"தண்ணி வருது சார். ஹால் வேணும்."

செயலாளரின் முகத்தில் ஒரு மகிழ்ச்சி பரவியது. தண்ணீருக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை. கூடத்துக்கோ படிவம் இருக்கிறது. எடுத்து நீட்டினார். வீட்டு எண், உரிமையாளரா வாடகைதாரரா, பராமரிப்புக் கட்டணம் பாக்கி உண்டா, நிகழ்ச்சியின் தன்மை, தேதி, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, விருந்தினர் எண்ணிக்கை, சமையல் யார். கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள்: உள்ளே அடுப்பு பற்றவைக்கக் கூடாது, பட்டாசு கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, வெளி வாகனங்கள் தெருவில்தான் நிற்கவேண்டும்.

ஏகாம்பரம் தன் பேனாவை எடுத்து நிதானமாக எழுதினார். தேதி, 'ஆனி இருபத்தெட்டு'.

"இங்கிலீஷ் தேதி போடுங்க. ரிஜிஸ்டர்ல ஆனி இல்ல."

அடித்துவிட்டு எழுதினார். நேரம், காலை எட்டு முதல் இரண்டு. ஆறிலிருந்து ஏழரை வரை யோகா வகுப்பு நடக்கும். பாய்களைச் சுருட்டிக் கூட்டித் துடைத்துக் கொடுக்க அரைமணி. சடங்கு ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள். சமையல், வெளியில் செய்து கொண்டுவருகிறார்கள். நிகழ்ச்சி, மகள் வளைகாப்பு. விருந்தினர் எண்ணிக்கை: நூற்று முப்பத்தேழு.

படிவத்தை வாங்கிய சடகோபனின் கண் மேலிருந்து கீழே இறங்கியது, ஓர் இடத்தில் இடறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். எண் மாறவில்லை.

"இது என்ன நம்பர்?"

"வர்றவங்க சார்."

"அது தெரியுது. நூத்துக்கு மேல போடக்கூடாது ஏகாம்பரம். பைலாவுல நூறுதான் உச்சவரம்பு."

"அப்ப எல்லாரும் எப்படி சார் நடத்துறாங்க? போன மாசம் சி பிளாக்ல சீமந்தம் நடந்துச்சே."

"அவங்க தொண்ணூத்தொன்பது போட்டாங்க."

"வந்தது இருநூத்துப் பன்னெண்டு."

"அதை நீங்க ஏன் எண்ணுனீங்க?"

"எண்ணல சார். சாப்பிடப் போனேன். கண்ணுல பட்டுச்சு."

இந்தக் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏகாம்பரம் ஒரு கூட்டத்தைப் பார்த்தால் அதில் முகங்கள் தெரியாது, எண் தெரியும். கோயிலில் சாமியைப் பார்க்கும் முன்பே வரிசையில் எழுபத்துமூன்று பேர் என்று தெரிந்துவிடும். சாவு வீட்டில் அழுவதற்கு முன் பதினெட்டு நாற்காலி போதாது என்று தெரிந்துவிடும். பெண் பார்க்கப் போன அன்று எண்ணியதை, "உங்க வீட்ல பதினாலு பேரு இருந்தீங்க, பஜ்ஜி பன்னெண்டு தட்டுதான் வந்துச்சு" என்று கோமளாவிடம் கல்யாணத்துக்குப் பிறகு சொல்லி, முப்பத்திரண்டு ஆண்டுகளாக அதற்கான பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். காலை நெரிசலில் ஒரு நிறுத்தத்தில் சோதனை ஆய்வாளர் ஏறினார். "உள்ள எத்தன பேருப்பா?" என்றார். ஏகாம்பரம் தலையைக்கூடத் திருப்பாமல் "அறுபத்தொண்ணு சார்" என்றார். எண்ணிப் பார்த்தால் அறுபத்திரண்டு. கடைசி இருக்கைக்கும் கீரைக் கூடைக்கும் நடுவே ஓர் ஆள் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனிடம் சீட்டும் இருந்தது. தவறு எண்ணில் மட்டும்தான். ஆய்வாளர் சிரித்துவிட்டு இறங்கியிருக்கலாம். சிரித்தார், ஆனால் இறங்கும்போது, "தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. தெரிஞ்ச மாதிரி ஒரு நம்பர் சொல்லாத" என்றார். மெமோ வந்திருந்தால் அது கோப்போடு போயிருக்கும். இது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து ஏகாம்பரம் ஓர் எண்ணைச் சொன்னால் அதுதான் எண். மனைவியின் வயதைக்கூடச் சரியாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்பவர்.

சடகோபன் படிவத்தை அவர் பக்கம் தள்ளினார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணும் இல்ல. அதை அடிச்சுட்டு தொண்ணூத்தொன்பது போடுங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன். வர்றவங்க வரட்டும், யாரு நிக்க வெச்சு எண்ணப் போறா?"

"நான் எண்ணுவேனே சார்."

"நீங்க எண்ணாதீங்க!"

"என் கையில இல்ல சார் அது. சம்பந்தி வீட்டு ஆளுங்க முப்பத்திநாலு. கோமளா பக்கம் இருபத்திரண்டு. எங்க பக்கம் பத்தொம்பது. நம்ம பிளாக்குல இருபத்தெட்டு. என்னோட டிப்போ ஆளுங்க இருபத்தொண்ணு. பொண்ணு ஆபீஸ் பதிமூணு. நூத்தி முப்பத்தேழு. இதுல நீங்களும் உங்க வீட்டம்மாவும் உண்டு."

தன் பெயரும் பட்டியலில் இருப்பதைக் கேட்டு செயலாளர் சற்று நெகிழ்ந்தார். ஆனால் நில அளவைத் துறைக்காரர் நெகிழ்ந்தாலும் எல்லைக்கல் நகராது.

"அப்ப கமிட்டிக்குத்தான் போகணும். வர்ற ஞாயிறு கூட்டம். அதுவரைக்கும் உங்க தேதியில பென்சில்ல எழுதி வெக்கறேன். ஒண்ணு சொல்லிடறேன், டி பிளாக் மீனலோசனி அம்மா பேரனுக்குக் காதுகுத்து, அதே ஞாயித்துக்கிழமை கேட்டிருக்காங்க. தொண்ணூத்தஞ்சு போட்டுக் குடுத்துட்டாங்க. உங்களுது பாஸ் ஆகலேன்னா அவங்களுக்கு மையில எழுதிடுவேன்."

ரிஜிஸ்டரைத் திறந்து எழுதினார். அந்தப் பக்கத்தை ஏகாம்பரம் தலைகீழாகவே பார்த்தார். தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றேழு. பன்னிரண்டு ஆண்டு விசேஷங்கள். குறிஞ்சி அடுக்ககத்தில் நூறாவது விருந்தினர் என்று ஒருவர் பிறந்ததே இல்லை.

வீட்டில் கோமளா கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"தொண்ணூத்தொம்பதுன்னு எழுதுனா கை வெந்துடுமா?"

"பொய்யி கோமளா."

"ஊரே எழுதுது. ஊரு பொய்யின்னா அது பொய்யே இல்ல, வழக்கம்."

"அப்ப முப்பத்தெட்டு பேரை வேணாம்னு சொல்லிடு. தொண்ணூத்தொம்பது சரியாப் போட்டுடறேன். யாரைச் சொல்ல?"

கோமளா சற்று யோசித்தாள். "உங்க பக்கம் பத்தொம்பதும், டிப்போல பத்தொம்பதும்."

சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த தேன்மொழி சிரித்தாள். சிரித்தால் வயிறு இழுக்கும் என்று கையை வைத்துக்கொண்டாள். "அப்பா, எனக்கு வளையல் போடப் போறாங்களா, டிக்கெட் போடப் போறாங்களா?"

"வளையல்தான்மா. இங்கதான் போடுவோம்."

"எனக்கு அந்த ஹால்தான் வேணும்னு இல்லப்பா. வீட்லயே பத்துப் பேரை வெச்சுப் போட்டாலும் சரி."

அவள் விட்டுக்கொடுத்துச் சொன்னாள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணத்தைத் தொற்றுக் காலத்தில் இருபது பேரோடு முடித்தவள் அவள். முகக்கவசத்தோடு மாலை மாற்றிக்கொண்ட படம்தான் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அன்றைக்கு வர முடியாதவர்கள் எல்லோரையும் ஒருமுறை கூட்டி உட்காரவைத்துப் பார்க்கவேண்டும் என்று அவள் ஆறு மாதமாக உட்கார்ந்து எழுதிய பட்டியல்தான் அந்த நூற்று முப்பத்தேழு. அதில் ஒருவரையும் இறக்கிவிட ஏகாம்பரத்துக்கு மனம் வரவில்லை. அவர்களை மறைத்து ஏற்றிச்செல்லவும் மனம் வரவில்லை.

ஞாயிறு பதினொரு மணிக்குச் செயற்குழு கூடியது. கூடிய இடம் அதே சமுதாயக் கூடம். எட்டுப் பேர். சங்கத் தலைவர் ஊரில் இல்லாததால் பொருளாளர் மீனலோசனி அம்மாள் தலைமை. காதுகுத்துக்கு அதே நாளைக் கேட்டிருப்பவரும் அவரே. இதில் முறைகேடு ஏதும் இல்லை. நம் சங்கங்களில் தீர்ப்பு சொல்பவருக்கும் வழக்குப் போட்டவருக்கும் ஒரே நாற்காலி போதும்.

சடகோபன் விண்ணப்பத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்தார். நூற்று முப்பத்தேழு என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது, நோயாளியின் காதில் விழாமல் டாக்டர் பேசுவதுபோல.

"முடியாது" என்றார் மீனலோசனி அம்மாள். "ரூல்ஸ்னா ரூல்ஸ். ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. நான் என் பேரனுக்கே தொண்ணூத்தஞ்சோட நிறுத்திட்டேன். கஷ்டமா இருந்துச்சு, நிறுத்திட்டேன்."

"நல்லதும்மா" என்றார் ஏகாம்பரம். உண்மையாகவே சொன்னார். "உங்க பொண்ணு ரிசப்ஷன்லயும் தொண்ணூத்தெட்டுதான் போட்டிருந்தீங்க. அன்னிக்கு ஒரே நேரத்துல நூத்து எழுபத்தாறு பேரு இருந்தாங்க. இந்த வாட்டி குறைச்சிட்டீங்க போல."

ஏகாம்பரம் யாரையும் மாட்டிவிடவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். ஆனால் எட்டுப் பேரும் தத்தம் வீட்டு விசேஷங்களை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டார்கள். ஏ பிளாக் துரைக்கண்ணு தன் தகப்பனாரின் சதாபிஷேகத்தை நினைத்து, மெல்ல நாற்காலியைப் பின்னால் இழுத்தார்.

"சரி, அந்த நூறு எதுக்கு வந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா?" என்றார் துரைக்கண்ணு, பேச்சை மாற்றும் அவசரத்தில்.

"ஃபயர் சேஃப்டி" என்றார் ஒருவர். "இல்ல, செப்டிக் டேங்க்" என்றார் இன்னொருவர். "கோர்ட்டு ஆர்டர்" என்றார் மூன்றாமவர். அவர் எதற்கும் அதையே சொல்வார். சடகோபன் எழுந்து போய்ப் பழைய நடவடிக்கைக் குறிப்பேட்டைத் தூசி தட்டி எடுத்துவந்தார். பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய முதல் கூட்டம். மூன்றாவது தீர்மானம். வாசித்தார்.

"கூடத்திற்கு நூறு நாற்காலிகள் வாங்கப்பட்டுள்ளபடியால், ஒரே வேளையில் அமர்வோர் நூறு பேருக்கு மிகாமல் பார்த்துக்கொள்வது என முடிவாயிற்று."

"அவ்ளோதானா?" என்றார் துரைக்கண்ணு.

"அவ்வளவுதான்."

"அதுல பதினேழு நாற்காலி உடைஞ்சு கிடக்கு" என்றார் ஏகாம்பரம். "இப்ப எண்பத்திமூணு." யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னார்.

பிறகு அவர் எழுந்து நின்றார். நடத்துநர்கள் உட்கார்ந்து பேசினால் சரியாக வராது.

"சார், இன்னொரு தபா படிங்க. 'ஒரே வேளையில்'."

சடகோபன் படித்தார். ஒரே வேளையில்.

"பாருங்க. நம்ம படிவத்துல 'விருந்தினர் எண்ணிக்கை'ன்னு மட்டும் இருக்கு. ஒரே வேளையிலங்கிறது பிரிண்ட் அடிக்கும்போது எங்கயோ இறங்கிடுச்சு. நான் பஸ்ஸுல ஒரு டிரிப்புக்கு நூத்தம்பது, நூத்தறுபது டிக்கெட் கிழிப்பேன். அத்தனை பேரும் ஒண்ணா உள்ள இருந்தா பஸ்ஸு நகருமா? ஏறுறவன் ஏறுவான், இறங்குறவன் இறங்குவான். ஒரு ஸ்டாப்புக்கும் அடுத்த ஸ்டாப்புக்கும் நடுவுல எத்தன பேருங்கறதுதான் கணக்கு."

"விசேஷ வீட்ல யாரு சார் நடுவுல இறங்குவா?" என்றார் மீனலோசனி அம்மாள்.

"வளைகாப்புல இறங்குவாங்கம்மா. ஆம்பளைங்களுக்கு அங்க என்ன வேலை? சாப்பாடு மட்டும்தான். ஒம்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் பொம்பளைங்க, குழந்தைங்க, பெரியவங்க. தொண்ணூத்தொண்ணு. சாப்பிட்டு முடிச்சதும் நம்ம பிளாக்கு ஆளுங்க வீட்டுக்குப் போயிடுவாங்க, பொண்ணு ஆபீஸ்காரங்க கிளம்பிடுவாங்க. பன்னெண்டுக்கு மேல ரெண்டு வரைக்கும் ஆம்பளைங்க, டிப்போ ஆளுங்க. நாப்பத்தாறு. கூட்டிப் பாருங்க."

துரைக்கண்ணு கைபேசியில் கூட்டினார். நூற்று முப்பத்தேழு வந்தது. ஆச்சரியப்பட்டுப் பக்கத்தில் காட்டினார்.

மீனலோசனி அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார். தன் காதுகுத்து ஒருபுறம். தன் மகள் வரவேற்பின் நூற்று எழுபத்தாறு இன்னொருபுறம். இப்படி ஒரு தீர்மானம் நிறைவேறினால், கடந்த பன்னிரண்டு ஆண்டுகளில் இந்தக் கூடத்தில் எழுதப்பட்ட பொய் எல்லாம் ஒரே கையெழுத்தில் முன்தேதியிட்டு உண்மையாகிவிடும். நூற்று எழுபத்தாறு மட்டும் கொஞ்சம் உதைக்கும். ஆனால் அதை எண்ணியது ஒரே ஒருவர். அவருக்குக் கூடத்தைக் கொடுத்துவிட்டால் மறந்துவிடமாட்டாரா?

"காதுகுத்தை ஆவணிக்கு வெச்சுக்கறேன்" என்றார். "குழந்தைக்குக் காது எங்கயும் போயிடாது. வளைகாப்பு காத்திருக்காது. 'ஒரே வேளையில்'ங்கறதைப் படிவத்துல சேத்துடுங்க சடகோபன் சார். ஏகமனதா."

"ஏகமனதாக" என்று எழுதிய செயலாளர், பென்சிலை அழித்துவிட்டு மையில் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார். "ஆனா ஏகாம்பரம், நூத்தை ஒரு நிமிஷமும் தாண்டக் கூடாது. இதுவரைக்கும் ரூலே தெரியாம மீறினோம். இப்ப தெரிஞ்சுடுச்சு."

"தாண்டாது சார். வாசல்ல நான் நிக்கறேன்."

ஆனிக் கடைசி ஞாயிறு நன்றாக விடிந்தது. யோகா பாய்கள் ஏழரைக்குச் சுருட்டப்பட்டன. எட்டுக்கு மாவிலைத் தோரணம் ஆணியில்லாமல், நூல் கட்டி ஏறியது. லிஃப்டில் தேன்மொழி இறங்கி வந்தாள், அரக்குப் பட்டில், மெல்ல, ஒரு கை இடுப்பிலும் ஒரு கை அம்மாவின் தோளிலுமாக. மணையில் உட்காரவைத்தார்கள். சந்தனம் பூசினார்கள். முதல் வளையல் போட மாமியார் எழுந்தபோது கூடத்தில் எழுபத்தெட்டு. ஏகாம்பரம் வாசலில் நின்றார், உள்ளே ஒரு கண்ணும் தெருவில் ஒரு கண்ணுமாக.

எண்பத்தைந்து. எண்பத்தொன்பது. சொன்னபடி தொண்ணூற்றொன்றில் நிற்கவேண்டும்.

நிற்கவில்லை. பத்து மணிக்கே டிப்போ ஆட்கள் வந்துவிட்டார்கள். பேருந்து ஓட்டியவர்கள் எதற்கும் தாமதமாக வருவார்கள், சாப்பாட்டுக்கு மட்டும் முன்னதாகவே வருவார்கள்.

"வாங்க, வாங்க. உள்ள போகாதீங்க" என்றார் ஏகாம்பரம்.

"என்னாது?" என்றார் முன்னாள் ஓட்டுநர் கதிரவேலு. "வான்னுட்டு போவாதன்றியே."

"அண்ணே, பார்க்கிங்ல நாற்காலி போட்டிருக்கேன். காபி வருது. பன்னெண்டுக்கு உங்களை ஏத்திக்கறேன்."

"டேய், முப்பது வருஷப் பழக்கம்டா. என்னையே ஸ்டாப்புல விட்டுட்டுப் போறியா?"

"போர்டு மாத்திட்டு இதே வண்டிதாண்ணே வருது. உக்காருங்க."

கதிரவேலு சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். பார்க்கிங்கில் காபியும் கதையும் தொடங்கின. ஆனால் உள்ளே கோமளா, ஏ பிளாக்கில் யாரோ இரண்டு பேர் மனம் நோகக் கூடாது என்று காலையில்தான் கூப்பிட்டிருந்தாள். சம்பந்தி வீட்டில் ஒரு கார் கூடுதல், ஐந்து பேர். தொண்ணூற்றெட்டு. பூக்காரம்மா மல்லிகையோடு உள்ளே போனாள். விருந்தினர் இல்லை, ஆனால் தலை தலைதான். தொண்ணூற்றொன்பது. வளையல்காரர் மீதிப் பெட்டியோடு போனார். நூறு.

ஏகாம்பரம் வாசலில் கையைக் குறுக்கே நீட்டினார். சரியாக அப்போது செயலாளர் சடகோபன், வெள்ளை வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், கையில் பழத்தட்டோடு வந்து நின்றார். அவருடைய மனைவி ஒன்பதுக்கே வந்து உள்ளே சந்தனம் பூசிக்கொண்டிருந்தாள்.

"வணக்கம் சார். ஒரு நிமிஷம்."

"ஏன்?"

"உள்ள நூறு."

சடகோபன் உள்ளே எட்டிப் பார்த்தார். "நான் செக்ரட்டரி ஏகாம்பரம்."

"தெரியும் சார். யாராவது ஒருத்தர் இறங்கினதும் உங்களை ஏத்திடறேன்."

"நானும் பட்டியல்ல இருக்கேன்னு சொன்னீங்களே?"

"நூத்தி முப்பத்தேழுல இருக்கீங்க சார். இந்த நூறுல இன்னும் வரல."

சடகோபனுக்கு ஒரு கணம் கோபம் வந்தது. அடுத்த கணம், வாழ்நாள் முழுதும் எல்லைக்கல் நட்ட மனிதருக்கு, தான் நட்ட கல்லிலேயே தன் கால் இடறியதில் ஒரு பெருமையும் வந்தது. பழத்தட்டைத் தூணில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "சரிதான்" என்றார். "சரியாத்தான் நிக்க வெச்சிருக்கீங்க."

உள்ளே யாரும் நகரவில்லை. கண்ணாடி வளையல் ஒன்றுக்கொன்று உரசும் சத்தமும் பெண்கள் பாடும் சத்தமும் வந்துகொண்டிருந்தன. நேரம் பத்தே கால். பத்தரைக்குள் ஆரத்தி எடுத்தாகவேண்டும். யாரையும் எழுந்து போகச் சொல்ல முடியாது. செயலாளரையும் ஆரத்தி முடியும்வரை வெளியே நிறுத்த முடியாது. ஹாலைக் கொடுத்த மனிதர்.

ஏகாம்பரம் ஒருமுறை மகளைப் பார்த்தார். இரண்டு கையும் முழங்கை வரை பச்சையும் சிவப்புமாக, கன்னத்தில் யாரோ தாராளமாக அப்பிய சந்தனத்தோடு, அவள் அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடித் தேடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். முகக்கவசம் இல்லாத நூறு முகங்கள்.

"போங்க சார்" என்றார் ஏகாம்பரம், வாசற்படியை விட்டு வெளியே இறங்கி. "ஒருத்தன் இறங்கிட்டான்."

"அய்யய்யோ, நீங்க பொண்ணோட அப்பா!"

"உள்ள இருந்த நூறுல நானும் ஒருத்தன் சார். ஆரத்திக்கு நேரமாவுது, போங்க."

சடகோபன் தயங்கித் தயங்கி உள்ளே போனார். போனவர் நேரே போய் மேற்குப் பக்கத்து ஜன்னலின் இரண்டு கதவுகளையும் தள்ளித் திறந்தார். அங்கே நின்றிருந்தவர்களை ஒதுங்கச் சொன்னார். வெளியே ஏகாம்பரம் சுற்றிக்கொண்டு போய் ஜன்னலுக்கு நேரே, முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டார். அங்கிருந்து மணை நன்றாகத் தெரிந்தது. வாசலில் இருந்ததைவிட நன்றாக.

பார்க்கிங்கிலிருந்து சம்பந்தி, காபி டம்ளரோடு நடந்து வந்தார்.

"என்ன சம்பந்தி, உங்க வீட்டு விசேஷம், நீங்க வெளிய நிக்கறீங்க?"

"உள்ள எல்லாரும் வந்துட்டாங்க சம்பந்தி" என்றார் ஏகாம்பரம். "சரியா இருக்கு."

உள்ளே ஆரத்தித் தட்டு சுற்றத் தொடங்கியது. தேன்மொழி நிமிர்ந்து, வாசலில் அப்பாவைக் காணாமல் தேடி, ஜன்னலில் கண்டுபிடித்து, வளையல் நிறைந்த கையை மெல்லத் தூக்கிக் காட்டினாள். ஏகாம்பரமும் கையைத் தூக்கினார். அந்தக் கையில் எத்தனை வளையல் என்று அவருக்குத் தெரியவில்லை. எண்ணிப் பார்க்கவும் இல்லை.